பிள்ளையின் படிப்புக்கு மாதம் ஒரு பேர்

(நாவற்குடாவில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான பயிற்சிப் பட்டறையில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் மேற்படிப்புக்கு எப்படிப் பணம் சேர்ப்பது என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தை மட்டக்களப்பில் வைத்தது பொருத்தம்தான். உங்கள் தோட்டங்களில் உயர்தரம் சித்தியடையும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லடியில் அதன் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பதுளைப் பக்கத்திலிருந்தும் ஹட்டன் பக்கத்திலிருந்தும் ஒரு பையோடு வந்து இறங்கும் பிள்ளைகளை நாங்கள் இங்கே காண்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் படிப்பதற்குக் கட்டணம் இல்லை. அப்படியென்றால் எதற்குப் பணம் சேர்க்க வேண்டும்? பல பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் நாள் வரைக்கும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். கடிதம் வந்த பிறகுதான் கணக்குத் தொடங்குகிறது.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்ப்போம். நான் சொல்லும் தொகைகள் எந்தப் பட்டியலிலும் உள்ளவை அல்ல. உங்கள் பிள்ளை எங்கே போகிறது, விடுதி கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். கணக்கின் போக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

பதிவுக்குப் பிள்ளையும் தகப்பனும் வந்துபோக வேண்டும். மெத்தை, தலையணை, போர்வை, வாளி, நாலைந்து உடுப்பு வாங்க வேண்டும். விடுதி கிடைக்காவிட்டால் வெளியே அறை எடுக்க வேண்டும். அதற்கு முற்பணம் கேட்பார்கள். பழையதாவது ஒரு மடிக்கணினி இல்லாமல் இன்று படிக்க முடியாது. எல்லாம் சேர்த்து 80,000 ரூபா என்று வைப்போம். அதன் பிறகு சாப்பாடு, பஸ், அறை வாடகை, போட்டோக் கொப்பி, போன் என்று மாதம் 20,000 ரூபா என்று வைப்போம்.

மகாபொல இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த நல்ல ஏற்பாடு அது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கான உதவிப்பணத்தை 4,000 இலிருந்து 6,500 ஆக்கினார்கள். ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒன்று, அது வருடத்துக்குப் பத்துத் தவணைதான். மற்றது, பிள்ளை பதிவு செய்த மாதமே அந்தக் காசு வராது. விண்ணப்பம் பார்த்து, வருமானம் பார்த்து, பெயர்ப்பட்டியல் போட்டு முதல் தவணை வர மாதங்கள் ஆகும். நிலுவை பிறகு சேர்ந்து வரும், ஆனால் பசி பிறகு சேர்ந்து வருவதில்லை.

ஆகவே முதல் தவணை ஆறு மாதம் பிந்துகிறது என்று வைத்தால், அந்த ஆறு மாதத்துக்கு 80,000 ரூபாவும், ஆறு தடவை 20,000 ரூபாவும் வேண்டும். கூட்டினால் 200,000 ரூபா. 2025 இன் மகாபொலத் தொகையின்படி, அது ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, தவணை வரும் மாதங்களில் குறைவது 12,500 ரூபா மட்டும். அதை வீட்டிலிருந்து கொஞ்சம், விடுமுறையில் பிள்ளை வேலைசெய்து கொஞ்சம் என்று சமாளிக்கலாம். பிள்ளை திரும்பிப் போகும் ஆபத்து அந்த முதல் ஆறு மாதத்தில்தான் இருக்கிறது. இன்று நான் பேசுவது அந்த 200,000 ரூபாவைப் பற்றி.

இப்போது அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று இடத்திலிருந்து வருவதைக் கண்டிருக்கிறேன். முதலாவது, நகை அடகு. இரண்டாவது, வட்டிக்குக் கடன். மூன்றாவதுதான் பெரிய இழப்பு. பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் கடிதம் வரும்போது அம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சேமலாப நிதியை எடுப்பதற்காகவே அம்மா வேலையை விட்டு நிற்கிறார். வாழ்நாள் உழைப்புக் காசு ஒரு தடவையில் வருகிறது. அதே மாதத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒரு சம்பளம் நின்றுபோகிறது. பிள்ளைக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய நான்கு வருடம் அப்போதுதான் தொடங்குகிறது.

வேலையில் இருந்துகொண்டே சேமலாப நிதியில் 30 வீதம் எடுக்கும் திட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் உரியது. படிப்புச் செலவு அதற்குள் வராது. சேமலாப நிதி உங்கள் முதுமைக்கான காசு. பிள்ளையின் படிப்புக்கு வேறு காசு வேண்டும், அதற்கு வேறு புத்தகம் வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது? நான் சொல்லும் முறை ஒரு வரியில் அடங்கும்: ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு பேர். ரூபாவில் சொல்லாமல் பேரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2013 இல் நாட்சம்பளத்தின் அடிப்படை 450 ரூபா. 2016 இல் 500 ஆனது. 2019 இல் 700 ஆனது. 2021 இல் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ஆனது. 2024 இல் 1,350 ஆனது. இந்த உயர்வுகள் எப்படிக் கிடைத்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, போராடியவர்கள் நீங்கள். இப்போது இரண்டு தாய்மாரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 2013 சித்திரையில் சேமிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் மாதம் 450 ரூபா என்று தீர்மானித்தார், அதை மாற்றவே இல்லை. மற்றவர் மாதம் ஒரு பேர் என்று தீர்மானித்தார். சம்பளம் கூடிய ஒவ்வொரு தடவையும் அவருடைய தவணையும் கூடியது. 2025 முடிவில் இருவரும் 153 மாதம் கட்டியிருப்பார்கள். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் முதலாமவர் கட்டியது 68,850 ரூபா. இரண்டாமவர் கட்டியது 114,200 ரூபா. இரண்டாமவர் ஒரு மாதத்தில்கூட ஒரு நாள் உழைப்புக்கு மேல் கொடுக்கவில்லை.

சாமான் விலை ஏறுகிறது. படிப்புச் செலவும் அதோடு ஏறுகிறது. ரூபாவில் நிறுத்திய சேமிப்பு பின்தங்கிவிடும். பேரில் நிறுத்திய சேமிப்பு உங்கள் சம்பளம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவாவது கூடவே ஏறும்.

ஒரு பேரை இழப்பது சின்ன விஷயமா என்று கேட்பீர்கள். கொழுந்து குறைந்த மாதத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நீங்கள் இதற்குப் பழகாதவர்கள் அல்ல. தீபாவளி முற்பணத்தை எடுத்துப் பாருங்கள். முன்னுக்கு வாங்கிச் செலவழித்துவிட்டு மாதாமாதம் சம்பளத்தில் கழிக்க விடுகிறோம். கழிபடுவதால் எந்த வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை, ஏனென்றால் அது கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. சேமிப்பும் அப்படித்தான் போக வேண்டும். சம்பளம் 10 ஆம் திகதிக்குள் வங்கிக்கு வருகிறதென்றால், 11 ஆம் திகதி ஒரு பேருக்கான காசைப் பிள்ளையின் கணக்குக்கு மாற்றும்படி வங்கியில் நிலையியற் கட்டளை எழுதிக் கொடுக்கலாம். ஒரு கையெழுத்துத்தான். சம்பளம் கூடும்போது அந்தக் கட்டளையை மாற்றி எழுத வேண்டும். அதை மறந்தால் பேர்க் கணக்கு மறுபடி ரூபாக் கணக்காகிவிடும்.

அடுத்தது, எங்கே வைப்பது? தேசிய சேமிப்பு வங்கி, இலங்கை வங்கி, மக்கள் வங்கி எல்லாவற்றிலும் சிறுவர் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. பொதுவாக அந்தக் காசைப் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்க முடியாது. நம் குடும்பங்களுக்கு இந்தப் பூட்டுத்தான் அதன் பெரிய நன்மை. கல்யாணம், காதுகுத்து, செத்தவீடு, திருவிழா என்று எது வந்தாலும் அந்தக் காசில் கை வைக்க முடியாது. உறவினர் கடன் கேட்டால், அது பிள்ளையின் காசு, வங்கி தராது என்று முகம் கோணாமல் சொல்லிவிடலாம். நகை இப்படிப் பூட்டிக் கிடக்காது. விலையேற்றத்தில் தங்கம் மதிப்பைக் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டில் இருக்கும்வரை எல்லாத் தேவைக்கும் அடகுக் கடைக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்குத் திறக்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை அதே எழுத்துகளோடு புத்தகத்தில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருப்பது வழக்கம். 18 வயதில் காசெடுக்கப் போகும்போது அந்த ஓர் எழுத்துக்காகப் பிள்ளை மாதக்கணக்கில் அலையும். தவறு இருந்தால் பிள்ளை சின்ன வகுப்பில் இருக்கும்போதே பதிவாளர் அலுவலகத்தில் திருத்துங்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பூட்டு 18 வயதில் திறக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கான செலவு அப்போது வருவதில்லை. உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பதிவு தொடங்கும்போது பிள்ளைக்கு இருபது வயதை ஒட்டிவிடும். பணம் திறந்து கிடக்கும் அந்த இரண்டு வருடம் ஆபத்தான காலம். 18 வயதில் கையெழுத்து பிள்ளையுடையது. புதுப் போன், மோட்டார் சைக்கிள் என்று மனம் போகும். அதனால் 18 முடிந்ததும் பிள்ளையோடு பேசி, முழுத் தொகையையும் பிள்ளையின் பெயரிலேயே ஒரு வருட நிலையான வைப்பாக மாற்றுங்கள். முடிந்ததும் இன்னொரு வருடம் புதுப்பியுங்கள். அதற்குள் கடிதம் வந்துவிடும்.

ஏன் ஒரு வருடம், ஐந்து வருடமாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். 2022 ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் கூடியிருந்தது. 2021 இல் 100,000 ரூபாவுக்கு வாங்கியதை வாங்க 170,000 ரூபா தேவைப்பட்டது. 2021 இல் வைப்புக்கு வட்டி 5, 6 வீதமாக இருந்தது. அந்த வட்டிக்கு ஐந்து வருடம் பூட்டியவரின் காசு அப்படியே கிடந்து கரைந்தது. ஒரு வருடத்துக்குப் போட்டவர் 2022 முடிவில் புதுப்பிக்கும்போது 20 வீதத்துக்கு மேல் வட்டி பெற்றார். அவரும் விலைவாசியை முழுதாக எட்டிப் பிடிக்கவில்லை. ஆனால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டார். வட்டி எப்போது ஏறும் என்று நம்மில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் நிலையான வைப்பைக் குறுகிய காலத்துக்குப் போட்டு, புதுப்பித்துக்கொண்டே போவதுதான் நமக்கு ஏற்றது.

வட்டியில் பிடிக்கும் வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 1,800,000 ரூபாவுக்கு உட்பட்டவர்கள் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். தோட்டத் தொழிலாளி யாரும் அந்த வரம்பைத் தாண்டப் போவதில்லை. ஆனால் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வட்டி கூடத் தருகிறோம் என்று வேறு இடங்களும் அழைக்கும். கோல்டன் கீ நிறுவனம் 2008 முடிவில் விழுந்தபோது பெரும் தொகை போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். தி பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி 2020 இல் இரத்துச் செய்தது. அப்போது வைப்புக் காப்புறுதியில் கிடைத்தது ஒருவருக்கு 600,000 ரூபா வரைதான். இன்று அந்த வரம்பு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபா. அனுமதி இல்லாத நிறுவனத்துக்கு அந்தக் காப்பும் கிடையாது. நாம் பேசும் தொகைக்கு அந்த வரம்பு போதும். எனவே பார்க்க வேண்டியது, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இடமா என்பதை மட்டும்தான். தேசிய சேமிப்பு வங்கியில் போட்ட காசுக்கு அரசாங்கமே பொறுப்பு.

லயத்துக்கே வந்து பிள்ளைகளின் படிப்புக் காப்புறுதி விற்பவர்களும் உண்டு. அதைக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். உழைப்பவர் இறந்துபோனால் மிச்சத் தவணையைக் கட்டாமலே பிள்ளைக்குக் காசு கிடைக்கும் திட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பாதுகாப்பைச் சேமிப்புப் புத்தகம் தராது. ஆனால் அதில் முதல் வருடங்களின் தவணையில் பெரும்பங்கு செலவுக்கும் தரகுக்கும் போகிறது. இரண்டு வருடம் கட்டிவிட்டு நிறுத்தினால் பெரும்பாலும் கட்டியது எதுவும் திரும்பாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டாம் வருட முடிவில் நிறுத்தினால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? அதை எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள். கொழுந்து குறைந்த மாதங்களில் உங்களால் தவறாமல் கட்ட முடியுமா என்பதையும் யோசியுங்கள். சேமிப்புக் கணக்கில் இரண்டு மாதம் தவறினால் இழப்பது அந்த இரண்டு மாதத்தை மட்டும்தான்.

இப்போது ஒரு குடும்பத்தின் கணக்கை முழுதாகப் பார்ப்போம். மகள் ஆறாம் தரத்தில், வயது 11. 2025 இல் தொடங்கி மாதம் ஒரு பேர், அப்போதைய 1,350 ரூபா. சம்பளம் கூடாது என்றும், வட்டி 5 வீதம் என்றும் வைப்போம். 18 வயது ஆகும்போது 84 மாதம் கட்டியிருப்பார்கள். கட்டியது 113,400 ரூபா, வட்டியோடு ஏறத்தாழ 135,000 ரூபா. அதை 7 வீத வட்டியில் ஒரு வருட வைப்பாகப் போட்டு ஒரு தடவை புதுப்பித்தால் 154,000 ரூபாவைத் தாண்டும். அந்த இரண்டு வருடமும் மாதம் ஒரு பேரைத் தொடர்ந்தால் இன்னும் 34,000 ரூபா அளவு சேரும். மொத்தம் ஏறத்தாழ 188,000 ரூபா. நாம் முதலில் போட்ட 200,000 ரூபாவுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். நகை அடகுக் கடைக்குப் போகாது. அம்மா தன் வேலையை விடவும் வேண்டாம்.

அதே ஒரு பேரை மகள் பிறந்த மாதமே தொடங்கியிருந்தால்? 5 வீத வட்டியிலேயே 20 வருடத்தில் ஏறத்தாழ 555,000 ரூபா. கட்டியது 324,000 ரூபாதான், மிச்சம் வட்டி. அது முதல் ஆறு மாதத்தைத் தாண்டி, படிப்புக் காலத்தின் பெரும்பகுதிக்கு மாதாமாதம் குறையும் காசையும் தாங்கும். ஆறாம் தரத்தில் தொடங்குவது பிந்திய தொடக்கம், ஆனாலும் பயனுள்ளது. பத்தாம் தரத்தில் தொடங்குபவர்கள் ஒரு பேரோடு நில்லாமல் அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று இரண்டு பேர் போட வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 188,000 ரூபா ஒன்பது வருடம் கழித்து வரும் ரூபா. அப்போது அதற்கு இன்றைய பெறுமதி இருக்காது. சம்பள உயர்வோடு தவணையை உயர்த்தினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். உயர்த்தினாலும், விலைவாசி சம்பளத்தை முந்தும் வருடங்களில் கொஞ்சம் குறையும். அதனால் ஒவ்வொரு தைமாதமும் புத்தகத்தை எடுத்து, இந்தத் தொகையில் இன்றைய விலைக்கு எத்தனை மாதம் பிள்ளை சாப்பிட்டுப் படிக்கும் என்று கேளுங்கள். அந்த எண் வருடாவருடம் கூட வேண்டும். கூடவில்லை என்றால் தவணை போதவில்லை.

பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் இந்தக் காசு வீணா என்று ஓர் அக்கா காலையில் கேட்டார். வீணில்லை. வெட்டுப்புள்ளி ஒன்றிரண்டில் தவறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்வியியற் கல்லூரி, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் டிப்ளோமா, தாதியர் பயிற்சி, திறந்த பல்கலைக்கழகம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஆனால் பலவற்றுக்கு வீட்டைவிட்டுப் போய்த் தங்க வேண்டும். பெறுபேறு வந்து அடுத்த வழி திறக்கும் வரையில் உள்ள மாதங்களில்தான் பிள்ளை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய், அங்கேயே நின்றுவிடுகிறது. தன் பெயரில் ஒரு வைப்பு இருக்கிறது, அது படிப்புக்கு உரியது என்று தெரிந்த பிள்ளை காத்திருக்கத் துணியும். அதனால் புத்தகத்தை அலுமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். எட்டாம் தரத்திலேயே பிள்ளைக்குக் காட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் தோட்டத்துக்குத் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கிளையில் ஆறாம் தரத்துக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேருக்குக் கணக்கு இருக்கிறது, எத்தனை பேரின் பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு ஒரு சம்பளக் கிழமையில் வங்கி அலுவலர் ஒருவரைத் தோட்டத்துக்கு அழையுங்கள். கணக்குத் திறக்கவும், நிலையியற் கட்டளை எழுதவும் அவரே படிவத்தோடு வருவார். அடுத்த சம்பள உயர்வு கையெழுத்தாகும் நாளில் கிளைக் கூட்டத்தில் ஒரு நினைவூட்டல் சொல்லுங்கள்: கட்டளையை மாற்றி எழுதுங்கள், பிள்ளையின் பேருக்கும் இன்று சம்பளம் கூடியிருக்கிறது.